அரபு இரங்கல் கடிதத்தைத் தமிழில் தரும்போது

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் உடன் வேலை பார்த்தவர் இறந்துவிட்டார். அவருடைய தந்தைக்கு எங்கள் அரபு முதலாளி இரங்கல் கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பத்தாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால், மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அரபு படித்தால் எனக்குப் புரியும். ஆனால் நான் முஸ்லிம் அல்லன். துஆ வாசகங்களை எப்படித் தமிழில் தருவது? அரபிலேயே விட்டுவிடலாமா? இறந்தவரின் மனைவி, பிள்ளைகளைப் பற்றியும் கடிதத்தில் வருகிறது. அவர்கள் மனம் புண்படும்படி எதுவும் வந்துவிடக் கூடாது.

பதில்:

இறந்தவரின் குடும்பம் முஸ்லிம் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கடிதம் எழுதியவரும் முஸ்லிம்தானா என்பதை முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அரபுக் கிறிஸ்தவர்களும் இறைவனை ‘அல்லாஹ்’ என்றே சொல்வார்கள். இறந்தவரை ‘மர்ஹூம்’ என்றும் எழுதுவார்கள். ஆனால் அவர்கள் கடிதத்தில் ‘ரகத அலா ரஜாஇல் கியாமா’ (உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் கண்துயின்றார்) போன்ற தொடர்கள் வரும். அப்படி எதுவும் இல்லாமல் ‘பிஸ்மில்லாஹ்’வில் தொடங்கி ‘இன்னா லில்லாஹி’யில் முடிகிறது என்றால், கீழே சொல்லியிருப்பவை உங்களுக்குப் பொருந்தும்.

அலுவலகத்திலிருந்து போகும் அரபு இரங்கல் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருபவை. துயரச் செய்தி கிடைத்தது என்பார்கள். இறந்தவரை நல்லபடியாக நினைவுகூர்வார்கள். பிறகு வரிசையாகத் துஆக்கள். இதில் உங்களுக்குத் தடுமாற்றம் தரக்கூடியவை மூன்றாவது பகுதியில்தான் அதிகம். காரணம் சொற்களின் கடினம் அன்று, வினையின் காலம். ‘ரஹிமஹுல்லாஹ்’, ‘கஃபரல்லாஹு லஹு’, ‘அஃழமல்லாஹு அஜ்ரகும்’ ஆகிய எல்லாமே வடிவத்தில் இறந்தகால வினைகள். அகராதியைப் பார்த்து எழுதினால் ‘அல்லாஹ் அவருக்கு அருள் புரிந்தான்’, ‘அவரை மன்னித்தான்’ என்று வரும். அரபில் வேண்டுதலுக்கும் இதே வடிவம்தான். படிக்கும் முஸ்லிம் திடுக்கிட்டுப்போவார். ஒருவர் மன்னிக்கப்பட்டுவிட்டார் என்று அறிவிக்க மனிதர் யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. தமிழில் இதற்கென்றே வியங்கோள் வினை இருக்கிறது. ‘அருள் புரிவானாக’, ‘பொறுத்தருள்வானாக’, ‘வழங்குவானாக’ என்று முடியுங்கள். தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் துஆ கேட்கும் வடிவமும் இதுவே.

‘வானாக’ என்பதைக் கவனியுங்கள், ‘வாராக’ அன்று. மரியாதை என்று நினைத்து ‘அல்லாஹ் அருள் புரிவாராக’ என்று எழுதிவிடுவது முஸ்லிம் அல்லாதவர்களிடம் மிகவும் சாதாரணமாக நேரும் பிழை. தமிழ் முஸ்லிம்கள் அல்லாஹ்வை ‘அவன்’ என்றே சொல்வார்கள். அவன் ஒருவனே என்ற உறுதி அந்த ஒருமையில் இருக்கிறது. பன்மை விகுதி வந்தால் அந்நியமாகக் கேட்கும். கிறிஸ்தவ வழக்கைப் போலவும் தோன்றும். மனிதர்களுக்கு வரும்போது மரியாதைப் பன்மையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்: இறந்தவர் ‘அன்னார்’, அவருடைய தந்தை ‘தாங்கள்’.

இனி உங்கள் கடிதத்தில் இருக்கக்கூடிய தொடர்களைப் பார்ப்போம்.

‘பிபாலிகில் ஹுஸ்னி வல் அஸா’ என்பது மிகுந்த துக்கத்தோடும் வேதனையோடும் என்று பொருள்படும். இது எளிது. அதை அடுத்து, ‘அல்லாஹ்வின் கழாவையும் கத்ரையும் ஈமான் கொண்ட உள்ளங்களோடு’ என்ற தொடர் வரும். இங்கே ‘விதி’ என்ற சொல் கைக்கு வந்துவிடும். அது வேண்டாம். ‘விதி விளையாடிவிட்டது’, ‘விதியின் கொடுமை’ என்று பேசிப் பழகிய சொல் அது. கடிதம் சொல்வது அதற்கு நேர்மாறானது: நடந்தது அல்லாஹ்வின் நாட்டம், அதை ஏற்கிறோம் என்கிறது. ‘அல்லாஹ்வின் நாட்டத்தையும் அவன் வகுத்த கத்ரையும்’ என்று எழுதினால் போதும். இதே காரணத்தால் ‘கொடிய மரணம் பறித்துச் சென்றது’, ‘காலன் கவர்ந்தான்’ போன்ற நம் இரங்கல் நடையையும் தவிர்க்க வேண்டும். மூலத்தில் மரணத்தின் மீது ஒரு சொல்கூடப் புகார் இருக்காது.

இறப்பைச் சொல்லும் இடத்தில் ‘இன்தகல இலா ஜிவாரி ரப்பிஹி’ என்று எழுதியிருப்பார். தன் இறைவனின் அருகாமைக்குச் சென்றுவிட்டார் என்பது பொருள். படித்தவுடன் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதத் தோன்றும். அது அழகான தமிழ்தான். ஆனால் இறைவனின் திருவடியை அடைதல் சைவ, வைணவ மரபில் ஊறிய கருத்து. அல்லாஹ்வுக்கு உருவம் கற்பிக்காத ஒரு குடும்பத்தின் கடிதத்தில் அது உறுத்தும். ‘அமரர்’, ‘தெய்வத்திரு’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ போன்றவற்றுக்கும் இதே விலக்கு. ‘வஃபாத்தானார்’ என்று எழுதுங்கள். முஸ்லிம் வீடுகளில் புழங்கும் மரியாதையான சொல். பேச்சில் ‘மவுத்தாகிவிட்டார்’ என்பார்கள். கடிதத்துக்கு வஃபாத்தே பொருத்தம். அது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் ‘காலமானார்’ எழுதலாம், யாரையும் உறுத்தாது.

‘அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்’ என்ற வாக்கியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் இரங்கல் எழுதும் எவர் கையும் தானாக அதை எழுதிவிடும். உங்கள் மூலத்தில் அது இல்லை. இஸ்லாமிய இரங்கலில் இறந்தவருக்காகக் கேட்பவை வேறு: பிழை பொறுத்தல், அருள், மண்ணறையின் விசாலம், சுவனம். முதலாளி கேட்டிருப்பதை மட்டும் கேளுங்கள்.

அடுத்தது, இறந்தவரைப் புகழும் பகுதி. ‘அவர் நம்பிக்கைக்குரியவர், நற்குணம் உடையவர்’ என்று எழுதியபின் ‘நஹ்ஸபுஹு கதாலிக, வலா நுஸக்கீ அலல்லாஹி அஹதா’ என்று ஒரு தொடர் வரக்கூடும். அதன் நேர்ப்பொருள், ‘அவரை நாங்கள் அப்படிக் கருதுகிறோம்; அல்லாஹ்வுக்கு முன்பாக எவரையும் தூயவர் என்று நாங்கள் சான்றளிப்பதில்லை.’ அறியாதவருக்கு இது புகழ்ந்துவிட்டுச் சந்தேகப்படுவதுபோல் தோன்றும். அதனால் இதை விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. விடாதீர்கள். ஒருவரைப் புகழ நேர்ந்தால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நபிமொழியே கற்றுத் தருகிறது. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் மட்டுமே என்ற பணிவுதான் அதில் இருக்கிறது. ‘நாங்கள் அறிந்தவரை அன்னார் அத்தகையவரே, உள்ளங்களை முற்றும் அறிந்தவன் அல்லாஹ்’ என்று எழுதினால் பணிவும் தெரியும், சந்தேகத் தொனியும் வராது.

பிறகு பெரும்பாலும் ஒரு நபிமொழி வரும்: ‘இன்ன லில்லாஹி மா அகத, வலஹு மா அஃதா, வகுல்லு ஷையின் இந்தஹு பிஅஜலின் முஸம்மா.’ எடுத்துக்கொண்டதும் அல்லாஹ்வுக்கே உரியது, கொடுத்ததும் அவனுக்கே உரியது, ஒவ்வொன்றுக்கும் அவனிடம் குறிப்பிட்ட தவணை உண்டு. ‘பொறுமை காத்து, நற்கூலியை எதிர்பார்க்கட்டும்’ என்று முடியும். இது புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. மகனை இழந்த தந்தைக்கு இது ஏன் எழுதப்படுகிறது என்பது தெரிந்தால் தொனி சரியாக வரும். நபி (ஸல்) அவர்களின் மகள், தம் குழந்தை மரணத் தறுவாயில் இருப்பதாகச் சொல்லி அனுப்பியபோது, ஸலாம் கூறி நபியவர்கள் அனுப்பிய செய்தி இது. மகள் மீண்டும் வற்புறுத்தி அழைக்கவே, நேரில் போனார்கள். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. ‘இது என்ன?’ என்று உடனிருந்த தோழர் கேட்டதற்கு, இது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்த இரக்கம் என்று பதில் சொன்னார்கள். ஆகவே இந்த வாசகத்தை ‘அழாதீர்கள்’, ‘மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்’ என்ற திசையில் கொண்டுபோனால் தவறாகிவிடும். ‘அஜல்’ என்பதற்குத் ‘தவணை’ என்று எழுதுங்கள். குர்ஆன் தமிழாக்கங்களில் பழகிய சொல்.

கடிதத்தின் மையம் அடுத்த மூன்று துஆக்கள்: ‘அஃழமல்லாஹு அஜ்ரகும், வஅஹ்ஸன அஸாஅகும், வகஃபர லிமய்யித்திகும்.’ அரபு முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வது பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அல்லாஹ் உங்கள் கூலியைப் பெரிதாக்குவானாக, உங்கள் ஆறுதலை அழகாக்குவானாக, உங்கள் பிணத்தை மன்னிப்பானாக’ என்று வரும். முதல் வரி சம்பளம் உயர வாழ்த்துவதுபோல் இருக்கிறது. மூன்றாவது வரியை மகனை அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தந்தை படிக்கவே கூடாது. அரபில் ‘மய்யித்’ என்றால் இறந்தவர். தமிழ் முஸ்லிம் பேச்சில் ‘மையித்து’ என்றால் கிடத்தியிருக்கும் உடல். ஒரே சொல்தான் என்று அப்படியே எடுத்துவைக்க முடியாது.

‘அஜ்ர்’ என்பது இங்கே துன்பத்தைப் பொறுத்துக்கொண்டவருக்கு அல்லாஹ்விடம் கிடைக்கும் பலன். அரபு வாசகருக்கு அது சொல்லாமலே விளங்கும். தமிழில் அந்த இணைப்பைச் சொல்லியாக வேண்டும்: ‘இந்த இழப்பைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு அல்லாஹ் மகத்தான நற்கூலியை வழங்குவானாக, உங்களுக்கு நல்ல ஆறுதலைத் தருவானாக, மறைந்த தங்கள் மகனின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.’ ‘கூலி’ என்று வெறுமனே எழுதாமல் ‘நற்கூலி’ என்று எழுதுவது முக்கியம். ‘பாவங்களை மன்னிப்பானாக’ என்பதும் பொருளளவில் சரிதான். ஆனால் வீட்டாருக்கு முன்னால் இறந்தவரின் பாவத்தைப் பேசுவதுபோல் ஆகிவிடும். ‘பிழை பொறுத்தல்’ அதே வேண்டுதலை மென்மையாகச் சொல்கிறது. தமிழ் முஸ்லிம்களின் இரங்கல் செய்திகளில் வழக்கமாக வருவதும் அதுதான்.

‘யதகம்மதஹு பிவாஸிஇ ரஹ்மதிஹி’ என்ற தொடரில் உள்ள வினை, ‘உறை’ என்று பொருள்படும் ‘கிம்து’ என்ற சொல்லோடு பிறந்தது. வாளை உறை மூடுவதுபோல் முழுவதும் மூடிக்கொள்வது. ‘தன் விசாலமான அருளால் அன்னாரைப் போர்த்திக்கொள்வானாக’ என்றால் அந்த அணைப்பு தமிழிலும் கிடைக்கிறது. தொடர்ந்து வரும் ‘ஃபஸீஹ ஜன்னாதிஹி’ என்பதற்கு ‘விசாலமான சுவனச் சோலைகள்’ பொருந்தும். ‘மோட்சம்’, ‘பரலோகம்’ இரண்டும் வேறு மரபுகளின் சொற்கள். ‘சுவர்க்கம்’, ‘சுவனம்’, ‘சுவனபதி’ எதையும் எழுதலாம். மூலத்தில் ‘ஃபிர்தவ்ஸ்’ என்று வந்தால் மட்டும் ‘ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ்’ என்று எழுதுங்கள். அது சுவனத்தின் மிக உயர்ந்த படித்தரத்தின் பெயர். முதலாளி கேட்காததை நீங்களாகச் சேர்க்க வேண்டியதில்லை.

நீங்கள் குறிப்பாகக் கேட்டிருக்கும் மனைவி, பிள்ளைகளின் இடத்துக்கு வருகிறேன். மூலத்தில் ‘அர்மலதஹு வஅய்தாமஹு’ என்று இருக்கலாம். அகராதியில் ‘அவருடைய விதவையும் அநாதைகளும்’. அரபில் ‘யத்தீம்’ என்பது தந்தையை இழந்த பிள்ளை. குர்ஆன் திரும்பத் திரும்பப் பரிவோடு பேசும் சொல் அது. அரபில் எழுதும்போது அதில் இழிவு இல்லை. தமிழ் முஸ்லிம்களும் ‘எத்தீம்’ என்று சொல்வதுண்டு. ஆனால் தாத்தா உயிரோடு இருந்து கடிதத்தைப் படிக்கும் வீட்டில், பேரப்பிள்ளைகளை ‘அநாதைகள்’ என்று அழைப்பது அடித்ததுபோல் இருக்கும். ‘விதவை’யும் அப்படியே. ‘அன்னாரின் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும்’ என்று எழுதுங்கள். பொருள் எதுவும் குறையாது. யாரைப் பற்றிய பேச்சு என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது.

நிறுவனத்தின் கடிதம் என்பதால் இன்னோர் இடத்திலும் கவனம் வேண்டும். ‘லன் நத்தகிர ஜுஹ்தன்’ என்றால் ‘எங்களால் இயன்ற முயற்சியைச் செய்யாமல் இருக்க மாட்டோம்’ என்பது மட்டுமே. ‘எல்லா உதவியும் செய்வோம்’, ‘குடும்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதிவிட்டால், நாளை அந்தக் குடும்பம் அதை வாக்குறுதியாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். ‘முஸ்தஹக்காத்’ என்ற சொல் வந்தால் அது அவருக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகை; அதை ‘உதவித்தொகை’ என்று எழுதினால் உரிமை கருணையாகிவிடும். துஆக்களில் தமிழின் இயல்புக்கு வளைந்து கொடுக்கலாம். இந்த வரிகளில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ கூடாது.

அரபிலேயே விடலாமா என்று கேட்டீர்கள். அந்த வீட்டார் தங்கள் வாயால் அரபில் சொல்பவற்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே வையுங்கள்: ஸலாம், ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’, ‘ஆமீன்’. முழுவதையும் தமிழாக்கினால் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நிற்பதுபோல் இருக்கும். மற்றத் துஆக்களைத் தமிழில் தாருங்கள். அரபில் ஓதத் தெரிந்த எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும் என்று சொல்ல முடியாது. ‘இன்னா லில்லாஹி’ குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 156ஆவது வசனத்தில் வருவது. பொருளையும் சேர்ப்பதானால், அச்சில் வந்த தமிழாக்கம் ஒன்றைப் பார்த்து எழுதுங்கள், சொந்தமாக எழுத வேண்டாம்.

மேலே சொன்ன தொடர்களைக் கோத்தால் கடிதம் இப்படி அமையும். உங்கள் மூலத்தில் இல்லாததை நீக்கிவிட்டு, இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்

மதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

தங்கள் அன்பு மகன் வஃபாத்தான செய்தியை மிகுந்த துக்கத்தோடும் வேதனையோடும், அல்லாஹ்வின் நாட்டத்தையும் அவன் வகுத்த கத்ரையும் ஈமான் கொண்ட உள்ளங்களோடும் அறிந்தோம்.

அல்லாஹ் அன்னாருக்கு அருள் புரிவானாக. நாணயத்துக்கும் நற்குணத்துக்கும் அவர் முன்மாதிரியாக விளங்கினார். நாங்கள் அறிந்தவரை அன்னார் அத்தகையவரே. உள்ளங்களை முற்றும் அறிந்தவன் அல்லாஹ்.

எடுத்துக்கொண்டதும் அல்லாஹ்வுக்கே உரியது. கொடுத்ததும் அவனுக்கே உரியது. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் குறிப்பிட்ட தவணை உண்டு.

இந்த இழப்பைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு அல்லாஹ் மகத்தான நற்கூலியை வழங்குவானாக. உங்களுக்கு நல்ல ஆறுதலைத் தருவானாக. மறைந்த தங்கள் மகனின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. தன் விசாலமான அருளால் அன்னாரைப் போர்த்திக்கொண்டு, விசாலமான சுவனச் சோலைகளில் குடியமர்த்துவானாக. தங்களுக்கும், அன்னாரின் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் பொறுமையையும் ஆறுதலையும் உள்ளத்தில் அருள்வானாக.

தங்களுக்குப் பிரியமானவர் எவரிடத்திலும் இனியொரு துயரத்தை அல்லாஹ் தங்களுக்குக் காட்டாதிருப்பானாக.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தங்கள் சகோதரர்”

‘இன்னா லில்லாஹி’க்கு முந்தைய துஆ, ‘வலா அராகுமுல்லாஹு மக்ரூஹன் ஃபீ அஸீஸின் லதைகும்’ என்பதன் தமிழ். முடிவில் ‘அஹூகும்’ என்று முதலாளி கையெழுத்திட்டிருந்தால் ‘தங்கள் சகோதரர்’ என்றே விடுங்கள். பதவிப் பெயரை மட்டும் எழுதி அதை நீக்கிவிட்டால், அவர் எடுத்துக்கொண்ட உறவு போய்விடும்.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இத்தகைய கடிதத்தை வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். ‘வானாக’ வரும் ஒவ்வோர் இடத்திலும் கேட்பவர் ‘ஆமீன்’ சொல்ல இடம் இருக்க வேண்டும். எனவே நான்கைந்து துஆக்களை ஒரே வாக்கியத்தில் அடைக்காதீர்கள், அரபு மூலம் அப்படி நீண்டு போனாலும். பிறகு தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் ஒரு கணம் நிற்கிறார் என்று பார்த்து, அந்த இடத்தைத் திருத்துங்கள். அரபு மூலத்தையும் தமிழோடு சேர்த்தே அனுப்புங்கள். ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் காட்டி, மூலத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டறிய வசதியாக இருக்கும்.

அந்தத் தந்தை பதில் எழுதினால் அதை அரபாக்கும் வேலையும் உங்களிடமே வரும். அதில் ‘ஜஸாக்கல்லாஹு கைரா’ என்று இருந்தால் ‘நன்றி’ என்று அதைச் சுருக்கிவிடாதீர்கள். ‘அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக’ என்று அவர் திருப்பிக் கேட்கும் துஆ அது; அரபிலேயே இருப்பதால் முதலாளியிடம் அப்படியே போய்ச் சேரட்டும்.